வெள்ளத்தில் அழிந்த பட்டச் சான்றிதழ்: விண்ணப்பத்தில் "தொலைந்தது" என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது

கார்முகில் (இழையைத் தொடங்கியவர்)

வீட்டின் தரைத்தளத்தில் வெள்ளம் புகுந்து, நீர் வடியும்வரை பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் மூழ்கிக் கிடந்தது. அதில்தான் என் இரண்டு பட்டச் சான்றிதழ்களும் இருந்தன. இளநிலைப் பட்டம் லேமினேஷன் செய்யப்பட்டது. ஓரம் பிரிந்து உள்ளே சேற்று நீர் இறங்கிவிட்டது; இப்போது என் பெயரின் பிற்பாதியும் கீழே ஒரு முத்திரையின் வளைவும் மட்டும் தெரிகின்றன. முதுநிலைப் பட்டம் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருந்தது. கோப்போடு வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

இரண்டும் ஒரே பல்கலைக்கழகம் வழங்கியவை. நகல் பட்டச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் "தொலைந்த விவரம்" என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதனுடன், தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் தரும் சான்றையும் இணைக்க வேண்டுமாம். காவல் நிலையத்தில் கேட்டால், "யாரும் திருடவில்லை, நீங்களும் எங்கேயும் தவறவிடவில்லை. நாங்கள் எங்கே போய்த் தேடுவது?" என்கிறார்கள். பல்கலைக்கழகத்திலோ அந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கவே மறுக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதுவது? இரண்டு பட்டங்களுக்கும் ஒரே விண்ணப்பம் போதுமா? மதிப்பெண் பட்டியல்களின் ஒளிநகல்கள் என்னிடம் இருக்கின்றன. முதுநிலைப் பட்டத்தைக் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது.

நேர்வழி

இதை ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? பயணத்தில் பை தவறிவிட்டது, இரண்டும் அதில் இருந்தன என்று எழுதிக் கொடுங்கள். தொலைந்த பொருள் என்றால் காவல் நிலையத்தில் மறுபேச்சு இல்லாமல் பதிவு செய்துகொள்வார்கள். கையில் இருக்கும் அந்த நைந்த காகிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். அது இருந்தால் வீண் கேள்விகள்தான் வரும். என் உறவினர் ஒருவர் இப்படித்தான் வாங்கினார்.

தாழம்பூ

எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். என் சான்றிதழ்கள் இன்னும் ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இஸ்திரிப் பெட்டியால் லேசாகத் தேய்த்தால் காய்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பழைய பதிவேடு

முதலில் தாழம்பூ அம்மாவுக்கு, ஏனென்றால் அவர் கேட்பதில் நேரம் முக்கியம். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். லேசர் அச்சில் உள்ள மை சூட்டில் இளகி அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும்; லேமினேஷன் உறை இன்னும் மோசமாக உருகும். ஒட்டியிருக்கும் தாள்களைப் பிரிக்கவும் முயல வேண்டாம். ஈரக் காகிதத்தில் சுமார் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உடனே உலர்த்த முடியாவிட்டால், மொத்தக் கட்டையும் அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். ஆவணக் காப்பகங்களிலும் வெள்ளத்துக்குப் பின் இதைத்தான் செய்கிறார்கள். கெடுதல் அந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து, மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையே வைத்து, அந்தத் தாள்களை மாற்றிக்கொண்டே உலர்த்தலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ள நீரில் கழிவு கலந்திருக்கும்.

இனி கார்முகிலுக்கு. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நகல் சான்றிதழ் விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். உங்கள் இரண்டு சான்றிதழ்களும் அலுவலகத்தின் பார்வையில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள். ஒரே விண்ணப்பத்தில் போட்டீர்களானால், கடினமானது எளிதானதையும் சேர்த்து நிறுத்திவிடும். தனித்தனியாகக் கொடுங்கள்.

அலுவலகம் காவல் நிலையச் சான்றைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூலச் சான்றிதழ் எங்கோ வெளியில் இருக்கும்போது நகலும் போய்விட்டால், ஒரே பட்டத்துக்கு இரண்டு தாள்கள் நடமாடும். ஒன்றை வேறு யாராவது பயன்படுத்தலாம். அல்லது, மூலத்தை எங்காவது பிணையாகக் கொடுத்துவிட்டு "தொலைந்தது" என்று நகல் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலையில் சேரும்போது மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களில் சிக்கியவர்கள் இப்படி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் காவல் நிலையச் சான்று.

உங்கள் இளநிலைப் பட்டத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. மூலம் உங்கள் கையில் இருக்கிறது. அதை ஒப்படைத்துவிட்டு நகல் கேட்பது "சிதைந்த சான்றிதழுக்கு மாற்று" என்ற வகையில் வரும். பெரும்பாலான பல்கலைக்கழக விதிகளில் இது தனிப் பிரிவாகவே இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் அதற்கென்று இடம் விட்டிருக்க மாட்டார்கள். அந்த நைந்த தாளைத் தூக்கி எறிய வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள ஆதாரம் அதுதான். லேமினேஷனைப் பிரிக்காமல் இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் கொடுக்கும்போது கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒப்புகை இல்லாமல் மட்டும் அதைக் கையைவிட்டு விடாதீர்கள்.

நேர்வழி, உங்கள் யோசனையில் ஒரு பாதி சரி. தொலைந்தது என்றால் பதிவு சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பையின் கதை உறுதிமொழிப் பத்திரத்திலும் ஏறும். ஆணையிட்டுப் பொய் சொல்வது குற்றம். அதுவும் போகட்டும், அவருக்கு வெள்ளச் சேதத்துக்கு நிவாரண மனு இருக்கும், காப்பீட்டுக் கோரிக்கை இருக்கலாம். அவற்றில் "ஆவணங்கள் வெள்ளத்தில் அழிந்தன" என்று எழுதிவிட்டு, இங்கே "பயணத்தில் தொலைந்தது" என்று எழுதினால், இரண்டு தாள்களும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வரும்.

நேர்வழி

ஐயா, நான் ஏமாற்றச் சொல்லவில்லை. அலுவலகம் கேட்கும் வடிவத்தில் கொடுத்தால்தான் வேலை நடக்கிறது என்பது என் அனுபவம். உண்மையை எழுதியவர் வரிசையில் நிற்கிறார், கட்டத்தை நிரப்பியவர் வாங்கிக்கொண்டு போகிறார். சிதைந்த தாளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அடித்துச் செல்லப்பட்ட முதுநிலைச் சான்றிதழுக்கு என்ன வழி? அதற்கு ஒப்படைக்க எதுவும் இல்லையே.

உறுதிமொழி

நான் வழக்கறிஞர், நோட்டரி பணியும் செய்கிறேன். நேர்வழியின் கேள்வி நியாயமானது.

அடித்துச் செல்லப்பட்ட சான்றிதழ் அழிந்துவிட்டது என்று நாமாகவே சொல்கிறோம். யாரும் பார்க்கவில்லை. அதனால் அதை "அழிந்தது" என்று ஆணையிட்டு எழுத வேண்டாம். "வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, நீர் வடிந்தபின் தேடியும் கிடைக்கவில்லை" என்று எழுதலாம். இது முழு உண்மை. தொலைந்த பொருள் என்ற வரையறைக்குள்ளும் இது சரியாகவே வரும். காவல் நிலையத்திலும் இதே சொற்களோடு மனு கொடுங்கள். திருட்டுப் புகாராக அல்ல, பொருள் தவறிய அறிக்கையாக. திருடனைப் பிடிக்கச் சொல்லவில்லை, பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், "எங்கே தேடுவது" என்ற கேள்வி எழாது. சான்று தர மறுத்தாலும், மனு பெற்றதற்கான முத்திரையிட்ட ரசீதையாவது வாங்குங்கள்.

உறுதிமொழிப் பத்திரத்தில் நான் சேர்க்கும் பகுதி இது. பெயர், தேதிகளை உங்கள் விவரப்படி மாற்றிக்கொள்ளலாம்:

"மேற்கண்ட பட்டச் சான்றிதழின் மூலம், எனது வீட்டின் தரைத்தளத்தில் வெள்ளநீர் புகுந்தபோது, அது வைக்கப்பட்டிருந்த கோப்புடன் அடித்துச் செல்லப்பட்டது. நீர் வடிந்தபின் தேடியும் கிடைக்கவில்லை. அச்சான்றிதழை நான் எவரிடமும் பிணையாகவோ, அடகாகவோ, வேலைக்கான உறுதியாகவோ ஒப்படைக்கவில்லை. எந்த நீதிமன்றமோ அலுவலகமோ அதைக் கைப்பற்றி வைத்திருக்கவில்லை. மூலம் பின்னர் கிடைக்குமானால் அதைப் பயன்படுத்தாமல் உடனே பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பேன்."

பிணை பற்றிய வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பதிவேடு ஐயா சொன்ன சந்தேகத்துக்கு நேர் பதில் அதுதான். இளநிலைப் பட்டத்துக்குத் தனிப் பத்திரம் எழுதுங்கள். அதில் "நனைந்து, படிக்க இயலாத நிலையை அடைந்தது, எஞ்சிய பகுதியை இத்துடன் ஒப்படைக்கிறேன்" என்று இருக்க வேண்டும். வெள்ளம் வந்த தேதி இரண்டு பத்திரங்களிலும், காவல் நிலைய மனுவிலும், நிவாரண மனுவிலும் ஒன்றாகவே இருக்கட்டும். நள்ளிரவில் புகுந்த வெள்ளத்துக்கு ஒருவர் முந்தைய தேதியையும் மற்றொருவர் மறுநாள் தேதியையும் எழுதி, அதற்காகவே விண்ணப்பம் திரும்பி வந்ததுண்டு.

கடல்கடந்தவன்

என் கதை சற்று வேறு. நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் வீட்டுக்குள் நீர் புகுந்து என் பட்டம் போயிற்று. அதன் பின்பக்கத்தில், வெளிநாட்டில் காட்டுவதற்காக அரசிடம் வாங்கிய அப்போஸ்டில் என்ற சான்று ஒட்டப்பட்டிருந்தது. நகல் பட்டம் வந்தவுடன் பழைய அப்போஸ்டிலின் படத்தை அதனுடன் இணைத்துக் கொடுத்தேன்; ஏற்கவில்லை. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அப்போஸ்டில் உறுதிசெய்வது தாளில் உள்ள கையொப்பத்தையும் முத்திரையையும்தான். பட்டம் உண்மையா என்பதை அல்ல. நகலில் கையொப்பம் போட்டவர் வேறு ஆள். ஆகவே புதிதாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. என் விஷயத்தில் அது நன்மையாகவே முடிந்தது: இப்போது பதவியில் இருப்பவரின் மாதிரிக் கையொப்பம் சான்றளிக்கும் அலுவலகத்தில் இருந்தது. முதல் தடவை, பழைய துணைவேந்தரின் மாதிரிக் கையொப்பத்தைத் தேடி எடுக்கத்தான் தாமதம் ஆயிற்று.

நேரில் போக முடியாதவர்கள் அதிகாரக் கடிதத்தில், விண்ணப்பம் கொடுக்க மட்டுமா, சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவுமா என்று தெளிவாக எழுதுங்கள். என் தம்பியிடம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழைக் கொடுக்கும் நாளில் வேறு கடிதம் கேட்டார்கள்.

தாழம்பூ

உறைபெட்டியில் வைத்துவிட்டேன். மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். திருமணத்துக்குப் பின் என் பெயரில் மாற்றம் செய்துகொண்டேன். எப்படியும் புதிதாக அச்சடிக்கப் போகிறார்கள். நகலில் புதிய பெயரைப் போட்டுத் தரச் சொல்லலாமா?

பழைய பதிவேடு

பொதுவாக முடியாது அம்மா. நகல் என்பது பட்டம் பெற்ற நாளில் பதிவேட்டில் என்ன இருந்ததோ அதை மீண்டும் எழுதித் தருவது. பெயரும், வகுப்பும், பட்டம் வழங்கிய நாளும் பழையபடியேதான் வரும். மாறுவது கையொப்பமும், அச்சிட்ட நாளும், "நகல்" என்ற முத்திரையும். பெயர் மாற்றத்துக்கான ஆவணத்தைத் தனியே வைத்துக் காட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதை நகல் விண்ணப்பத்தோடு கலந்தால் இரண்டும் நிற்கும். உங்கள் தாள்கள் காய்ந்தபின் படிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பெயர், பதிவு எண், முத்திரை, கையொப்பம் தெளிவாக இருந்து ஓரம் மட்டும் கறைபட்டிருந்தால், நகல் கேட்காமல் இருப்பதே நல்லது. கறை படிந்த மூலத்துக்கு இருக்கும் மதிப்பு, பளபளப்பான நகலுக்குச் சில இடங்களில் இருப்பதில்லை.

கடல்கடந்தவன் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. எல்லாப் பல்கலைக்கழகங்களும் பட்டத்தை மறுபடி அச்சிட்டுத் தருவதில்லை. சில இடங்களில் பட்டத்தாள் ஒரே ஒரு முறைதான்; தொலைந்தால், இவர் இந்த நாளில் இந்தப் பட்டம் பெற்றார் என்று உறுதிப்படுத்தும் கடிதம் மட்டுமே தருவார்கள். விண்ணப்பிக்கும் முன் நீங்கள் பெறப்போவது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்முகில்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

இளநிலைப் பட்டம்: அந்தச் சேற்றுத் தாளை மேசையில் வைத்தவுடன், காவல் நிலையச் சான்றைப் பற்றி அங்கிருந்த அம்மையார் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, முத்திரையின் வளைவில் எஞ்சியிருந்த எழுத்துகளைப் படித்தார். ஒப்புகையும் கொடுத்தார். ஆனால் வேறொரு இடத்தில் தடங்கல் வந்தது. பதிவேட்டில் என் பெயர் இல்லை என்றார்கள். 2008 ஏப்ரல் தேர்வில் தேறினேன். அந்த ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து இல்லை என்றுவிட்டார்கள். என் மதிப்பெண் பட்டியல் ஒளிநகலைக் காட்டிய பிறகும், "தேறியிருக்கலாம், பட்டம் வாங்கியதற்குப் பதிவு இல்லை" என்கிறார்கள்.

முதுநிலை: காவல் நிலையத்தில் மனுவின் முதல் வரியைப் படித்துவிட்டு, பொருள் தவறிய அறிக்கையாகப் பதிந்து ரசீது கொடுத்தார்கள். தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று இப்போது தர முடியாதாம். ரசீதைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏற்றதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை.

பழைய பதிவேடு

இளநிலைப் பட்டத்துக்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மதிப்பெண் பதிவேடு தேர்வு நடந்த ஆண்டின்படி இருக்கும். பட்டப் பதிவேடு பட்டமளிப்பு விழாவின் வரிசைப்படி இருக்கும். 2008 ஏப்ரலில் தேறியவர் எந்த விழாவில் பட்டம் பெற்றார்? அதே ஆண்டிலா, 2009இலா, அதற்கும் பிறகா? விழாவுக்கு வராமல் அஞ்சலில் வாங்கியிருந்தால், அப்படி வாங்கியவர்களின் பட்டியல் தனியாகக் கட்டப்பட்டிருக்கும். ஆண்டை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால், கிளார்க் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இல்லை என்பார். அவர் மீது தவறில்லை. அவரிடம் கொடுத்த விவரம் அந்தப் புத்தகத்துக்கு உரியது அல்ல. விழா நாளை நினைவுபடுத்திக்கொள்ள முடியாவிட்டால், உங்களோடு படித்து உங்களோடு பட்டம் வாங்கிய ஒருவரின் சான்றிதழைப் பாருங்கள். அதில் விழா நாள் இருக்கும். அவருடைய வரிசை எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது; ஒரே கல்லூரி, ஒரே பாடம் என்றால் உங்கள் எண் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.

முதுநிலைப் பட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதன் அச்சுப்படியை இணைத்தீர்களா? அதை நகல் கொடுப்பதற்கான சான்றாக ஏற்கமாட்டார்கள். ஆனால் விழா நாளும் வரிசை எண்ணும் அதில் தெரிந்தால் தேடும் வேலையே மிச்சம்.

காவல் நிலைய ரசீதைப் பொறுத்தவரை, அங்கே வாய்வழியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள்: சான்று கிடைக்கவில்லை, ரசீதையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஏற்று விலக்கு அளிக்க வேண்டும் என்று. பெரிய வெள்ளத்துக்குப் பின் சில நேரங்களில் அரசோ பல்கலைக்கழகமோ சிறப்பு ஆணை போட்டுக் காவல் நிலையச் சான்றையும் கட்டணத்தையும் விலக்கிவிடுவதுண்டு. அப்படி ஏதும் உண்டா என்று அதே மனுவில் கேளுங்கள். வருவாய்த் துறையினர் உங்கள் வீட்டுச் சேதத்தைப் பார்த்து எழுதிய தாள் இருந்தால் அதையும் இணையுங்கள். கிளார்க்குக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் இல்லை. கையொப்பமிடும் அதிகாரிக்குத்தான் உண்டு. ஆனால் எழுத்தில் ஒன்று வந்தால்தான் அவர் கையொப்பமிட முடியும்.

நேர்வழி

சரி, நகல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என் உறவினருக்கு அதன் பிறகுதான் சிக்கல் வந்தது. பழைய நிறுவனத்தில் மூலத்தின் ஒளிநகல் இருக்கிறது. அதில் ஒரு வரிசை எண். புதிய நிறுவனம் பின்னணி சரிபார்த்தபோது நகலில் வேறு எண். போலியோ என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

உறுதிமொழி

அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி: நகலை அனுப்பும்போது பல்கலைக்கழகம் ஒரு கடிதம் வைக்கும். அதில், மூலத்தின் எண் இது, அது ரத்து செய்யப்பட்டு இந்த எண்ணில் நகல் வழங்கப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கும்படி விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுவது. பிறகு எங்கே நகலைக் காட்டினாலும் கடிதத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

பழைய பதிவேடு

எங்கள் அலுவலகத்தில் அந்த வரியைப் பட்டத்தாளின் பின்பக்கத்திலேயே எழுதும் வழக்கம் இருந்தது. பிறகு வந்த அதிகாரி, பட்டத்தாளில் கூடுதலாக எதுவும் எழுதக்கூடாது என்று நிறுத்திவிட்டார். என்னைக் கேட்டால் எழுதுவதுதான் சரி. தாள் பிரிந்துபோகும் கடிதத்தை நம்புவதைவிடப் பட்டத்திலேயே இருப்பது நல்லது. ஆனால் இடத்துக்கு இடம் மாறும்.

கடல்கடந்தவன்

பின்பக்கத்தில் எழுதியதால் எனக்கு அப்போஸ்டில் ஒட்டும்போது கேள்வி வந்தது. அந்த வரியின் கீழே கையொப்பம் யாருடையது என்று கேட்டார்கள். எனக்குக் கடிதம்தான் வசதி என்று தோன்றுகிறது.

கார்முகில்

என்னோடு படித்த தோழியின் சான்றிதழில் பார்த்தேன். விழா நடந்தது 2009 பிற்பகுதியில். நானும் அவளும் ஒரே விழாவில்தான் வாங்கினோம். அந்த நாளையும் அவளுடைய வரிசை எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அம்மையார் வேறொரு அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்து, அவள் பெயருக்குச் சில வரிகள் கீழே என் பெயரைக் காட்டினார். தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. மூலத்தில் சரியாக இருந்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கையில் இருக்கும் தாளில் அந்த இடம் சேறாகிவிட்டது. பதிவேட்டில் உள்ளபடியே அச்சிடுவார்களா, திருத்தத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? முதுநிலைக்கான விலக்கு மனுவை நாளை கொடுக்கிறேன். கைப்பேசிப் படத்தில் விழா நாள் தெளிவாக இருக்கிறது, வரிசை எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் வெளிச்சத்தில் மறைந்திருக்கிறது.

பழைய பதிவேடு

அச்சுக்குப் போகும் முன் திருத்தம் கேளுங்கள். நகல் வந்த பிறகு கேட்டால் இன்னொரு நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள், இரண்டாவது நகல் தருவதற்குப் பல இடங்களில் விதியே இல்லை. மாணவர் சேர்க்கையின்போது கொடுத்த பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் எப்படி இருக்கிறதோ, அதுதான் அங்கே எடுபடும். அதன் சான்றொப்பமிட்ட படியை நாளைய மனுவோடு தனி உறையில் கொடுத்துவிடுங்கள். கடைசி இலக்கம் தெரியாதது பெரிய குறையில்லை; விழா நாள் கிடைத்துவிட்டதால் அந்த ஒரு புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.